வீட்டு இனிப்புக்கு இணையக் கடை: டெலிவரி கட்டணமும் பேமென்ட் கேட்வேயும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மதுரையில் என் சித்தி வீட்டிலிருந்தே மைசூர்பாகு, அதிரசம், ரவா லட்டு, முறுக்கு செய்து விற்கிறார். அவருக்கு இணையக் கடை போட்டுக் கொடுத்தது நான்தான். அதைப் பார்த்துவிட்டு அவருடைய தோழிகள், அப்புறம் தோழிகளின் தோழிகள் என்று போனில் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கடையின் அழகு, படம் எடுப்பது, விளம்பரம் எல்லாம் இதில் இல்லை. பணம் ஒழுகும் இடம் இரண்டு: டெலிவரி கட்டணமும், வாடிக்கையாளரின் பணத்தை இணையத்தில் வாங்கி நம் வங்கிக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வேயும். அவற்றைப் பற்றித்தான் பேச்சு.

வாட்ஸ்அப்புலயே ஆர்டர் வருது, நல்லாத்தான் போகுது. தனியா கடைன்னு ஒண்ணு வேணுமா?

ஒரு நாளைக்கு நாலைந்து ஆர்டர் என்றால் வேண்டாம். கேட்வே நிறுவனத்தில் ஒரு கணக்கு தொடங்கி, ஆர்டருக்கு ஒரு பேமென்ட் லிங்க் அனுப்பினால் போதும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருள் அனுப்புவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டில் தேதியை மாற்றி அனுப்பிய ஒருவருக்குச் சித்தி இரண்டு கிலோ மைசூர்பாகு அனுப்பியிருக்கிறார்.

கடை எப்போது தேவை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. 'நாகர்கோவிலுக்கு எவ்வளவு ஆகும்', 'ரெண்டு பாக்ஸ் வாங்கினா கூரியர் குறையுமா' என்று ஒரே கேள்விக்கு ஒரு நாளில் பத்து முறை பதில் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் கடைக்கு நேரம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் பின்கோடு போட்டதும் கட்டணத்தைச் சொல்வதுதான் கடையின் முதல் வேலை.

எதுல கடை போடறது?

வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்க்கும் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருள். மாத வாடகைக்குக் கிடைக்கும் ஷாப்பிஃபை போன்றவையும் நல்லவைதான். தொழில்நுட்பத் தொல்லை குறைவு. ஆனால் ஹோஸ்டிங், டொமைன் தவிர வேறு மாதச் செலவு வேண்டாம் என்று சித்தி சொன்னதால் வூகாமர்ஸ் எடுத்தோம். கீழே திரையில் தெரியும் பெயர்கள் எல்லாம் அதில் உள்ளவை. வேறு தளம் என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

லைசென்ஸ், ஜி.எஸ்.டி. எல்லாம் வேணுமா?

உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு கட்டாயம் வேண்டும். வீட்டு அடுப்பில் செய்தாலும் விற்றால் அது உணவுத் தொழில்தான். `foscos.fssai.gov.in` தளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை டப்பா லேபிளிலும் பில்லிலும் கடையின் அடிப்பகுதியிலும் போடுங்கள். கேட்வே நிறுவனமும் உணவு விற்பவரிடம் இதைத்தான் முதலில் கேட்கும்.

ஜி.எஸ்.டி.யில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்கும்போது மட்டும். வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு பாக்ஸாக இருந்தாலும் பதிவு கட்டாயம். இனிப்புக்கு வரி உண்டு. அதனால் பதிவு செய்யும்வரை கடையைத் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொடி வைத்த விஷயம் இருக்கிறது. புதுச்சேரியும் வெளி மாநிலக் கணக்குதான். பின்கோடைப் பார்த்தால் அது தெரியாது. விழுப்புரம் 605602, புதுச்சேரி 605001. மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. '605-ல் ஆரம்பித்தால் நம்ம ஊர்' என்று பின்கோட்டின் முதல் மூன்று எண்களை வைத்து வழி திறந்தால் புதுச்சேரியும் உள்ளே வந்துவிடும். ஷிப்பிங் மண்டலம் அமைக்கும்போது `Tamil Nadu, India` என்று மாநிலத்தையே தேர்ந்தெடுங்கள். புதுச்சேரிக்காரர் சரியான மாநிலத்தைப் போட்டால் அவருக்கு டெலிவரி இல்லை என்று வந்துவிடும். சிலர் கவனிக்காமல் தமிழ்நாடு என்றே விட்டுவிடுவார்கள். பார்சல் கட்டுமுன் 605, 609 என்று தொடங்கும் முகவரிகளைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கூரியர் கட்டணத்தை எப்படி முடிவு பண்றது? ஒரே தொகையா 60 ரூபாய் வச்சிடலாமா?

முதல் இரண்டு மாதம் நாங்கள் அப்படித்தான் வைத்தோம். சித்தி ஒரு நாள் கூரியர் ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தார். அன்றைக்கு மாற்றியதுதான் கீழே இருப்பது.

கூரியர்காரர் இனிப்பை எடை போடுவதில்லை, பார்சலைத்தான் போடுகிறார். அதுவும் அரைக் கிலோ படிகளாக. அரைக் கிலோ மைசூர்பாகை எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பு 500 கிராம். உள்டப்பாவும் பட்டர் பேப்பரும் 70 கிராம். வெளியே போடும் அட்டைப்பெட்டி, இடையில் திணிக்கும் காகிதம், டேப் எல்லாம் சேர்ந்து 150 கிராம். மொத்தம் 720 கிராம். அரைக் கிலோவைத் தாண்டியதால் ஒரு கிலோ கட்டணம். அதாவது நீங்கள் விற்பது 'அரைக் கிலோ', கூரியர் கணக்கில் அது எப்போதுமே 'ஒரு கிலோ'. கால் கிலோ விற்றாலாவது தப்பிக்கலாம்: 250, டப்பா 50, பெட்டி 120, ஆக 420 கிராம். ஆனால் கால் கிலோ இனிப்பின் விலையில் பாதியைக் கூரியருக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. நாங்கள் அதை எடுத்துவிட்டோம்.

எங்கள் கூரியர்காரரிடம் பேசி முடித்த விலை, தமிழ்நாடு முழுக்க ஒரு கிலோவுக்கு 80 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 30 ரூபாய். உங்கள் ஊரில் இது மாறும். ஒரே கிளையில் தினமும் பார்சல் போடுகிறவர் என்றால் கவுன்டர் விலையைவிடக் குறைத்துத் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். இந்த விலையில் எங்கள் பார்சல்கள் இப்படி வந்தன:

ஒரு பாக்ஸ் 720 கிராம், ஒரு கிலோ படி, 80 ரூபாய்.
இரண்டு பாக்ஸ் 1,320 கிராம், ஒன்றரைக் கிலோ படி, 110 ரூபாய்.
மூன்று பாக்ஸ் 1,920 கிராம், இரண்டு கிலோ படி, 140 ரூபாய்.
நாலு பாக்ஸ் 2,520 கிராம். இரண்டரைக் கிலோவை 20 கிராம் தாண்டிவிட்டது, அதனால் மூன்று கிலோ படி, 200 ரூபாய்.

அந்த 20 கிராமுக்கு 30 ரூபாய் அழுதுகொண்டிருந்தோம். சித்தி அட்டைப்பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கித் திணிப்பார். அதற்குப் பதிலாகக் காற்றுக்குமிழி உறையை ஒரு சுற்று சுற்றினோம். பார்சல் 2,480 கிராமுக்கு இறங்கியது. நாலு பாக்ஸும் 170 ரூபாயில் அடங்கிவிட்டது. கட்டணம் முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு பார்சலை முழுசாகக் கட்டி, டேப் ஒட்டி, லேபிளும் ஒட்டி, சமையலறைத் தராசில் வையுங்கள். மனக்கணக்கு இந்த இடத்தில் உதவாது.

சரி, அந்தக் கணக்கைக் கடைக்குள்ள எப்படிப் போடறது?

பார்த்தீர்களா, முதல் பாக்ஸுக்கு 80, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 30 என்று சீராக ஏறுகிறது. இது தற்செயல் இல்லை. எல்லாவற்றையும் அரைக் கிலோ பாக்ஸாகவே விற்பதால் வந்தது. வூகாமர்ஸில் எடையை வைத்துக் கட்டணம் போட வேண்டும் என்றால் தனி பிளகின் வேண்டும். எண்ணிக்கையை வைத்துப் போட எதுவும் வேண்டாம். `WooCommerce → Settings → Shipping` போய் தமிழ்நாடு மண்டலத்தைத் திறந்து, `Flat rate` முறையைச் சேர்த்து, `Cost` பெட்டியில் வெறும் எண்ணுக்குப் பதில் இதைப் போடுங்கள்:

```
80 + ( 30 * ( [qty] - 1 ) )
```

`[qty]` என்பது கூடையில் உள்ள பாக்ஸ்களின் எண்ணிக்கை. ஒன்று என்றால் 80, மூன்று என்றால் 140. ரூபாய்க் குறியோ காற்புள்ளியோ உள்ளே போடாதீர்கள்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அதே கடையில் ஒரு கிலோ பாக்ஸையும் விற்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அதற்கும் `[qty]` ஒன்றுதானே. ஒரு கிலோ வேண்டும் என்பவர் இரண்டு அரைக் கிலோ பாக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும். அதே மாதிரி ஐந்து பாக்ஸுக்கு மேல் பெட்டி பெரிதாகி எடை மறுபடியும் படி தாண்டும். அந்த ஆர்டர்கள் எங்களுக்கு அரிது. வரும் நஷ்டம் 30 ரூபாய். அதைச் சரி செய்ய நான் மெனக்கெடவில்லை.

முறுக்கு அனுப்பினா கூரியர்ல தாறுமாறா பில் வருது. ஏன்?

முறுக்கு காற்றை அடைத்து வைத்திருக்கிறது. அதற்குத்தான் பில்.

பார்சலின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கன அளவு எடை. உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்டணம். சில நிறுவனங்கள் 5000-க்குப் பதில் சிறிய எண்ணால் வகுக்கும். அங்கே பில் இன்னும் கூடும். விலை பேசும்போதே எந்த எண் என்று கேட்டுவிடுங்கள்.

மைசூர்பாகு பெட்டி 24 × 18 × 10. பெருக்கினால் 4,320, வகுத்தால் 0.86 கிலோ. எப்படியும் ஒரு கிலோ படிதான், தொல்லை இல்லை. அரைக் கிலோ முறுக்கோ நொறுங்காமல் போக 30 × 24 × 16 பெட்டி கேட்கிறது. 11,520-ஐ 5000-ஆல் வகுத்தால் 2.3 கிலோ. படி இரண்டரைக் கிலோ, கட்டணம் 170 ரூபாய். தராசில் வைத்தால் முக்கால் கிலோகூட இருக்காது.

கடையில் இதற்கு `Shipping classes` என்று ஒரு வசதி இருக்கிறது. முறுக்கு, சீடை, தட்டை மாதிரியானவற்றுக்கு ஒரு வகுப்பு உருவாக்கி, அந்தப் பொருள்களில் குறித்துவிட்டு, மேலே சொன்ன `Flat rate` பக்கத்தில் அந்த வகுப்புக்கான பெட்டியில் `90 * [qty]` என்று போட்டோம். 80-உடன் 90 சேர்ந்து 170 ஆகிவிடும். இனிப்பும் முறுக்கும் கலந்து வாங்கினால் கணக்கு ஒரு படி குறையத்தான் செய்கிறது. அது பரவாயில்லை. 170 ரூபாய் கூரியர் என்று திரையில் பார்த்ததும் வெளியூர்க்காரர்கள் முறுக்கை விட்டுவிட்டு ரவா லட்டுக்குப் போகிறார்கள். உண்மையில் எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

உள்ளூருக்கு நாங்களே வண்டியில கொண்டுபோய்க் கொடுப்போம். அதுக்குத் தனிக் கட்டணம் வைக்க முடியுமா?

முடியும். உள்ளூருக்குத் தனி மண்டலம் உருவாக்கி அதில் பின்கோடு வரையறை கொடுக்க வேண்டும். மதுரைக்கு நாங்கள் கொடுத்தது:

```
625001...625020
```

நடுவில் மூன்று புள்ளிகள். அப்புறம் இந்த மண்டலத்தைப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு மேலே இழுத்து வையுங்கள். வூகாமர்ஸ் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் பொருந்தும் மண்டலத்தோடு நின்றுவிடும். தமிழ்நாடு மேலே இருந்தால் மதுரைக்காரரும் அதிலேயே மாட்டிக்கொள்வார், உள்ளூர்க் கட்டணம் யாருக்குமே வராது.

நான் முதலில் சோம்பலில் `625*` என்று போட்டேன். 625-ல் ஆரம்பிப்பதெல்லாம் மதுரை என்று நினைப்பு. ஒரு வாரத்தில் போடிநாயக்கனூரிலிருந்து 40 ரூபாய் உள்ளூர் டெலிவரியில் ஓர் ஆர்டர் வந்து நின்றது. போடியின் பின்கோடு 625513, தேனி 625531. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம்வரை சித்தப்பா ஸ்கூட்டர் ஓட்ட வேண்டியது. கூரியரில் அனுப்பி மீதியை நாங்கள் போட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்பவர்களுக்கு `Local pickup` சேர்த்துவிடுங்கள். வீட்டு முகவரி முழுசாகக் கடையில் தெரிய வேண்டாம் என்று நினைத்துச் சிலர் மறைக்கிறார்கள். இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதி. அதனால் அது மறைக்கக்கூடிய விஷயம் இல்லை.

'ஃப்ரீ டெலிவரி'ன்னு போட்டா விற்பனை கூடும்னு சொல்றாங்க. போடலாமா?

எத்தனை பாக்ஸுக்கு மேல் என்பதைக் கணக்குப் போட்ட பிறகு போடலாம். எங்கள் மைசூர்பாகு ஒரு பாக்ஸ் 340 ரூபாய். நெய், கடலை மாவு, சர்க்கரை, கேஸ், உதவிக்கு வருகிற அக்காவின் கூலி, டப்பா எல்லாம் சேர்த்து 210 ஆகிறது. மிச்சம் 130.

ஒரு பாக்ஸுக்கு இலவசம் என்றால் 130-இல் கூரியர் 80 போய், கேட்வே பிடிப்பு 8 போய், 42 ரூபாய் மிஞ்சும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நெய் காய்ச்சுகிறவருக்கு இது கட்டாது. மூன்று பாக்ஸ் என்றால் விற்பனை 1,020, மிச்சம் 390. கூரியர் 140, கேட்வே 24 கழித்தால் 226. பாக்ஸுக்கு 75 ரூபாய். சித்தி இதற்குத் தலையாட்டினார். அதனால் `Free shipping` முறையில் குறைந்தபட்ச ஆர்டர் தொகை 1,000 என்று வைத்தோம். இரண்டு பாக்ஸ் வாங்க வந்தவர் மூன்றாவதைச் சேர்ப்பது நிஜமாகவே நடக்கிறது. உங்கள் பாக்ஸ் விலை வேறாக இருந்தால் இந்த 1,000-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்வே கணக்கு தொடங்க என்னென்ன கேப்பாங்க? ஏன் திருப்பித் திருப்பி ரிஜெக்ட் ஆகுது?

பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். ஜி.எஸ்.டி. இல்லாத தனிநபரையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. பதிவு செய்யும்போது வணிக வகையில் தனிநபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நிராகரிப்புக்கு நான் பார்த்தவரை இரண்டு காரணங்கள். முதலாவது நம் இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும், ஆதாரில் கணவர் பெயரின் முதல் எழுத்து இருக்கும். பெயர் பொருத்தம் பார்க்கும் கணினிக்கு இது மூன்று பேர். சித்தியின் கணக்கு இதனாலேயே இரண்டு முறை திரும்பி வந்தது. வங்கிக்குப் போய்ப் பெயரைப் பானில் உள்ளபடி மாற்றி எழுதிக் கொடுத்தோம். அதற்கப்புறம் சிக்கல் இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கடையில் பக்கங்கள் இல்லாதது. கேட்வேயிலிருந்து உங்கள் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள். தொடர்பு முகவரி, விற்பனை விதிகள், தனியுரிமை, டெலிவரி விவரம், பணம் திரும்பத் தரும் விதி என ஒவ்வொன்றும் தனிப் பக்கமாக, அடிப்பகுதியில் இணைப்போடு இருக்க வேண்டும். 'விரைவில்' என்று எழுதி வைத்த பக்கம் கணக்கில் சேராது. பொருள்களும் விலையோடு இருக்க வேண்டும்.

எவ்வளவு பிடிப்பாங்க? அதை வாடிக்கையாளர் தலையில போட்டுடலாமா?

பெரும்பாலும் 2 சதவீதம், அந்தப் பிடிப்பின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 2.36 சதவீதம். யு.பி.ஐ.க்கு வணிகரிடம் வங்கிக் கட்டணம் கிடையாது என்று 2020 ஜனவரியில் அறிவித்தது உண்மைதான். ஆனால் கேட்வே தன் தளத்துக்கான சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்குகிறது. யு.பி.ஐ.க்கும் சேர்த்தா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பலர் கவனிக்காதது, இந்தப் பிடிப்பு கூரியர் கட்டணத்தின் மேலும் விழுகிறது என்பது. 340 ரூபாய் பாக்ஸ், 80 ரூபாய் கூரியர், மொத்தம் 420. பிடிப்பு 9 ரூபாய் 91 காசு. கூரியர்காரருக்கு 80-ஐ அப்படியே கொடுக்க வேண்டும், அதில் 1 ரூபாய் 89 காசு ஏற்கெனவே போயிருக்கும். சின்னத் தொகைதான். ஆனாலும் கட்டணம் முடிவு செய்யும்போது 80-ஐ 82 என்று வைத்தால் கணக்கு நேராகும்.

'கேட்வே கட்டணம்' என்று தனி வரி போடாதீர்கள். கடைசித் திரையில் புதிதாக ஒரு தொகை முளைத்தால் ஆட்கள் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இனிப்பின் விலையிலேயே அதைச் சேர்த்துவிடுவதுதான் நல்லது.

பணம் உங்கள் வங்கிக்கு உடனே வராது. பொதுவாக இரண்டு வேலை நாள். வெள்ளிக்கிழமை வந்த ஆர்டரின் பணம் செவ்வாய்க்கிழமை வரும். நெய் வாங்கக் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் 'பணம் போயிடுச்சு'ங்கறாங்க, கடையில ஆர்டர் வரலை. என்ன செய்யறது?

முதலில் கடையில் அந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் கேட்வேயின் டாஷ்போர்டில் அதே தொகையைத் தேடுங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கேட்வேயில் பணம் `captured` என்று இருந்து, கடையில் `Pending payment` அல்லது `Cancelled` என்று இருந்தால் பணம் உங்களிடம் வந்துவிட்டது, கடைக்குத்தான் தகவல் போகவில்லை. பணம் கட்டிய கையோடு வாடிக்கையாளர் போனில் திரையை மூடிவிட்டாலோ சிக்னல் போனாலோ இது நடக்கும். இதைத் தடுக்கத்தான் வெப்ஹூக் இருக்கிறது. வாடிக்கையாளரின் போனை நம்பாமல் கேட்வே நேராக உங்கள் கடையைக் கூப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடு அது. கேட்வே டாஷ்போர்டில் அது இயங்குகிறதா, பிழை காட்டுகிறதா என்று பாருங்கள். `Cancelled` ஆனதற்குக் காரணம், கட்டாத ஆர்டரை வூகாமர்ஸ் 60 நிமிடத்தில் தானாகவே ரத்து செய்வது. ஆர்டரைக் கையால் `Processing` ஆக்கிவிட்டு இனிப்பை அனுப்புங்கள்.

கேட்வேயில் `authorized` என்று மட்டும் இருந்தால் பணம் நடுவில் நிற்கிறது. நீங்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் சில நாளில் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். கேட்வே அமைப்பில் தானாக ஏற்கும் வசதியை இயக்கி வையுங்கள்.

கேட்வேயில் அப்படி ஒரு தொகையே இல்லை என்றால் அது வங்கிகளுக்கு இடையில் சிக்கியிருக்கிறது. இனிப்பு அனுப்பாதீர்கள். வணிகருக்குச் சேராத யு.பி.ஐ. பணத்தை ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் சொல்லியிருக்கிறது. அதை வாடிக்கையாளருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கோபத்தில் இருப்பார், அவர் பணம் நிஜமாகவே போயிருக்கிறது.

கடையைத் திறக்கும் முன் ஒரு வேலை. சோதனைச் சாவி `rzp_test_` என்பதுபோல் தொடங்கும், நிஜச் சாவி `rzp_live_` என்று (ரேசர்பேயில் அப்படி). சோதனைச் சாவியோடு கடையைத் திறந்தால் ஆர்டர் எல்லாம் பணம் கட்டியதாகக் காட்டும், வங்கிக்கு ஒரு பைசா வராது. ஒரு ரூபாய்க்கு ஒரு பொருளைப் போட்டு, உங்கள் போனிலிருந்தே வாங்கி, அந்த ஒரு ரூபாய் வங்கிக்கு வந்து சேரும்வரை காத்திருங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி?

வேண்டாம். புடவை திரும்பி வந்தால் மறுபடி விற்கலாம். எட்டு நாள் ஊர் சுற்றித் திரும்பி வந்த அதிரசத்தை என்ன செய்வது? போகவும் வரவும் கூரியர் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

உடைஞ்சு போச்சு, உருகிப் போச்சுன்னா பணத்தைத் திருப்பணுமா?

விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் சண்டை குறையும். எங்கள் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'பார்சல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், பெட்டி பிரிக்கும் வீடியோவுடன் சொல்லுங்கள். சேதமான பாக்ஸின் விலையைத் திருப்புவோம் அல்லது மறுபடி அனுப்புவோம். சுவை பிடிக்கவில்லை என்பதற்குத் திருப்ப இயலாது.'

பணத்தைக் கேட்வே வழியாகவே திருப்புங்கள், தனியாக அனுப்பாதீர்கள். பின்னால் 'வரவில்லை' என்றால் காட்டச் சான்று இருக்கும். முதலில் பிடித்த 2.36 சதவீதம் பெரும்பாலும் உங்களுக்குத் திரும்பி வராது.

உருகுவதற்கு வேறு வைத்தியம். நெய் ஒழுகும் மைசூர்பாகைச் சித்திரை, வைகாசியில் வெளியூருக்கு அனுப்புவதைச் சித்தி நிறுத்திவிட்டார். பால் இனிப்பு எந்த மாதத்திலும் கூரியரில் போகாது. சனிக்கிழமை பார்சல் போடுவதும் இல்லை. ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.

தீபாவளிக்கு ஆர்டரை எப்போ நிறுத்தறது?

கூரியருக்கு நாங்கள் வைத்திருப்பது தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு. சாதாரண நாளில் இரண்டு நாளில் சென்னை போகும் பார்சல் அந்த வாரத்தில் ஐந்து நாள் எடுக்கும். அன்றிரவு தமிழ்நாடு மண்டலத்தில் உள்ள `Flat rate`, `Free shipping` இரண்டையும் அணைத்துவிட்டால் வெளியூர் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்று கடையே சொல்லிவிடும். மதுரைக்கு மட்டும் திறந்திருக்கும்.

தேதியைவிட முக்கியம் எண்ணிக்கை. சித்தியின் இரண்டு அடுப்பில் ஒரு நாளைக்கு 40 பாக்ஸ்தான் முடியும். ஒவ்வொரு பொருளிலும் `Manage stock` இயக்கி, அந்த வாரம் செய்ய முடிந்த அளவை மட்டும் சரக்காகப் போட்டுவிடுங்கள். முதல் வருடம் இதைப் போடாமல் விட்டு, 310 பாக்ஸுக்குப் பணம் வாங்கிவிட்டோம். நானும் சித்தப்பாவும் இரவு இரண்டு மணிக்கு டப்பாவில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தோம். அதிலும் பாதி லேபிளில் தயாரித்த தேதியை விட்டுவிட்டு, காலையில் பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார வேண்டியதாயிற்று.